வாரா வாரம் அதே இன்ட்ரோ: நெஸ்ட்டும் டெம்ப்ளேட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தார். "தம்பி, மாங்குளம் வீடியோவுல வாரம் 5-ன்னு வருதே, அது ரெண்டாவது வாரந்தானப்பா?"

எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த வீடியோவில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததால் முந்தைய இரவு அதைத் திருத்திவிட்டதாக நினைத்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அனுப்பியிருந்தேன். இன்ட்ரோ பக்கமே நான் போகவில்லை. ஆனாலும் இன்ட்ரோவில் இருந்த 2, தானாக 5 ஆகியிருந்தது.

இது ஏன் நடந்தது என்று புரிந்துவிட்டால் வீடியோ எடிட்டிங்கில் நெஸ்ட் என்றால் என்ன என்பது புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா வரலாற்று ஆசிரியர். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குப் போய், வாரம் ஓர் இடமாக வீடியோ எடுக்கிறார். யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கொங்கர் புளியங்குளம் என்று பட்டியல் நீளும். எடிட்டிங் என் பொறுப்பு. ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை படுத்திருப்பது தெரியும். இன்ட்ரோவுக்கு அங்கிருந்தே விடியற்காலையில் ஒரு ஷாட் எடுத்தோம். அதன்மேல் தொடரின் பெயர், அடியில் கொஞ்சம் இசை, எல்லாம் சேர்த்து 8 நொடி.

நான் பயன்படுத்துவது பிரீமியர் புரோ. அதனால் மெனுப் பெயர்களெல்லாம் அதிலிருந்து வரும். டாவின்சி ரிசால்வ், பைனல் கட் போன்றவற்றில் இதே வசதியை காம்பவுண்ட் கிளிப் என்பார்கள். பெயர்தான் வேறு, எண்ணம் ஒன்றுதான்.

நெஸ்ட் ஒரு ஜன்னல்

டைம்லைனில் மலை ஷாட் ஒரு டிராக்கில், பெயர் எழுத்து அதற்கு மேல் டிராக்கில், இசை கீழே ஆடியோ டிராக்கில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, Nest... என்பதை அழுத்துங்கள். பெயர் கேட்கும். INTRO என்று கொடுங்கள். பெயர் கொடுக்காமல் விட்டால் Nested Sequence 01 என்று அதுவே வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து Nested Sequence 14 எது, 17 எது என்று நீங்கள்தான் தேட வேண்டியிருக்கும்.

இப்போது டைம்லைனில் மூன்று துண்டுகளும் போய், பச்சை நிறத்தில் ஒரே கிளிப் நிற்கும். பலர் இதைப் பொட்டலம் கட்டியதாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொட்டலம் என்றால் வீடியோவுக்கு ஒரு பொட்டலம், ஒவ்வொன்றும் தனித்தனி. அந்த எண்ணந்தான் என்னைக் கவிழ்த்தது.

உண்மையில் நடந்தது வேறு. அந்த மூன்று துண்டுகளும் INTRO என்ற புதிய சீக்வென்ஸுக்குள், அதாவது தனி டைம்லைன் கொண்ட ஓர் அறைக்குள், குடிபோய்விட்டன. புரொஜெக்ட் பேனலில் பார்த்தால் அந்த சீக்வென்ஸ் தனியாக உட்கார்ந்திருக்கும். டைம்லைனில் தெரியும் பச்சைக் கிளிப், அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. அறை ஒன்று, ஜன்னல்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அறைக்குள் நாற்காலியை நகர்த்தினால் எல்லா ஜன்னலிலும் நாற்காலி நகர்ந்துதான் தெரியும்.

நான் செய்தது இதுதான். முதல் வாரத்து வீடியோ முடிந்ததும், அந்த சீக்வென்ஸை ரைட் கிளிக் செய்து Duplicate கொடுத்து, இரண்டாம் வாரம் என்று பெயர் மாற்றி, உள்ளே புதிய காட்சிகளைப் போட்டேன். மூன்றாம் வாரமும் அப்படியே. டூப்ளிகேட் கொடுத்தால் வெளி சீக்வென்ஸுக்குத்தான் நகல் வரும். உள்ளே இருக்கும் நெஸ்ட்டுக்கு நகல் வராது. ஆக ஐந்து வீடியோவும் ஒரே INTRO அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. வார எண்ணை நான் அந்த அறைக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் நெஸ்ட்டை டபுள் கிளிக் செய்து திறந்து எண்ணை மாற்றுவேன். 2 போய் 3 வந்தது, 3 போய் 4 வந்தது. ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. அவை வெந்த சோறு. ஆனால் பழைய சீக்வென்ஸை எப்போது மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாலும், அன்றைக்கு அறைக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். மாங்குளத்துக்கு 5 வந்த கதை இதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே விதி: வாராவாரம் மாறுகிற எதுவும் நெஸ்ட்டுக்குள் இருக்கக் கூடாது. மலை, தொடரின் பெயர், இசை மூன்றும் மாறாதவை. அவை உள்ளே இருக்கட்டும். வார எண்ணும் ஊர்ப் பெயரும் மாறுபவை. அவற்றை வெளி டைம்லைனில், நெஸ்ட்டுக்கு மேலே உள்ள டிராக்கில் தனி எழுத்தாக வைக்க வேண்டும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே இன்ட்ரோவாகத்தான் தெரியும். நமக்கு மட்டும் இரண்டு அடுக்கு.

சில சமயம் ஒரே ஒரு வீடியோவுக்கு மட்டும் இன்ட்ரோ வேறு மாதிரி வேண்டும். பொங்கல் வாரத்துக்கு மலை ஷாட்டுக்குப் பதில் கரும்புக் கட்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போது INTRO-வைத் திறந்து மாற்றினால் எல்லா வாரமும் பொங்கல் கொண்டாடும். முதலில் புரொஜெக்ட் பேனலில் INTRO-வுக்கே Duplicate கொடுங்கள். INTRO_PONGAL என்று பெயர் வையுங்கள். அதைப் பேனலில் தேர்ந்தெடுத்த நிலையில், அந்த வார டைம்லைனில் உள்ள பச்சைக் கிளிப்பை ரைட் கிளிக் செய்து Replace With Clip, அதில் From Bin என்று கொடுங்கள். இப்போது அந்த ஒரு ஜன்னல் மட்டும் புதிய அறையைப் பார்க்கும். இனி புதிய அறைக்குள் என்ன மாற்றினாலும் மற்ற வாரங்களைத் தொடாது.

நீளம் மட்டும் தானாக மாறாது

அறைக்குள் எதை மாற்றினாலும் ஜன்னலில் தெரியும் என்றேன். ஒரு விலக்கு உண்டு. ஜன்னலின் அகலம், அதைப் பொருத்திய அன்று என்னவோ அதுவேதான் கடைசி வரை.

எட்டு நொடி இன்ட்ரோ இழுவையாக இருக்கிறது என்று அக்காவே ஒரு நாள் சொன்னார். INTRO-வைத் திறந்து, மலை ஷாட்டை வெட்டி, இசையைச் சுருக்கி 5 நொடி ஆக்கினேன். வெளியே வந்து பார்த்தால் டைம்லைனில் பச்சைக் கிளிப் இன்னும் 8 நொடிதான். கடைசி 3 நொடியில் சாய்வுக் கோடுகள் போட்டிருந்தன. பிளே செய்தால் அந்த மூன்று நொடியும் கறுப்புத் திரை, சத்தம் கிடையாது. கிளிப்பின் மேல் சாய்வுக் கோடு தெரிந்தால், உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது, ஜன்னல் மட்டும் நீண்டு கிடக்கிறது என்று அர்த்தம். B அழுத்தினால் ரிப்பிள் எடிட் கருவி வரும். அதால் கிளிப்பின் முனையை இடப்பக்கம் இழுத்தால், பின்னால் உள்ள காட்சிகளும் சேர்ந்து முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடும்.

உள்ளே நீளத்தைக் கூட்டினால் வரும் தொல்லை இதைவிட மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 5 நொடியை 7 நொடி ஆக்கினால், வெளியே முதல் 5 நொடி மட்டும் ஓடி, இசை பாதியில் அறுந்து அடுத்த காட்சிக்குத் தாவிவிடும். சாய்வுக் கோடு எதுவும் வராது. அப்போது கிளிப்பின் மேல் மூலையை உற்றுப் பாருங்கள். ஒரு கிளிப், தன் மூலத்தின் கடைசி பிரேம் வரை நீண்டிருந்தால் அதன் முடிவு மூலையில் சிறிய முக்கோணம் ஒன்று இருக்கும். அது இல்லையென்றால் உள்ளே இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். டைம்லைனைக் கொஞ்சம் பெரிதாக்கினால்தான் தெரியும். நான் இதைக் கவனிக்கத் தொடங்கவே வெகுநாள் ஆனது.

இந்தக் காரணத்தால்தான் வீடியோவின் நடுப்பகுதியை, அதாவது அக்கா பேசும் பத்து நிமிடத்தை, நெஸ்ட் செய்யாதீர்கள் என்கிறேன். இன்ட்ரோ, நடுப்பகுதி, முடிவு மூன்றையும் மூன்று நெஸ்ட்டாக்கி வரிசையாக அடுக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடுப்பகுதியின் நீளம் வாராவாரம் மாறும். வெட்டி ஒட்டும்போது நாளுக்கு நாலு முறை மாறும். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து முனையை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு நாள் மறப்போம். அன்றைக்கு அக்கா விடைபெறும் முன்பே வீடியோ முடிந்துவிடும். நீளம் மாறாதவற்றுக்கு மட்டும் நெஸ்ட் போதும்.

நெஸ்ட்டைப் பிரித்து மறுபடி பழையபடி துண்டுகளாக்க ஒரு பட்டன் இருக்குமே என்று தேடாதீர்கள், கிடையாது. உள்ளே போய் எல்லாவற்றையும் காப்பி செய்து, வெளியே வந்து பேஸ்ட் செய்துகொள்ள வேண்டியதுதான். இதோடு தொடர்புடைய இன்னொரு குழப்பமும் உண்டு. டைம்லைனின் மேல் இடது மூலையில், சீக்வென்ஸை நெஸ்ட்டாகப் போடுவதா, துண்டு துண்டாகப் போடுவதா என்று தீர்மானிக்கும் சிறிய பட்டன் இருக்கிறது. மௌஸை அதன்மேல் வைத்தால் Insert and overwrite sequences as nests or individual clips என்று வரும். அது அணைந்திருக்கும்போது INTRO-வை டைம்லைனுக்கு இழுத்தால், மூன்று துண்டுகளாகச் சிதறி விழும். பார்க்க ஒன்றும் வித்தியாசம் தெரியாது, ஆனால் அறைக்கும் அதற்கும் உறவு அறுந்துவிடும். பிறகு INTRO-வில் செய்யும் மாற்றம் அந்த வாரத்துக்கு வராது. "எல்லாத்திலும் மாறுச்சு, இதில் மட்டும் மாறலையே" என்று நீங்கள் குழம்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பட்டனைத்தான்.

எழுத்துக்கு அச்சு வேண்டும்

மாறாதவற்றுக்கு நெஸ்ட் என்றால், மாறுபவற்றுக்கு என்ன? ஊர்ப் பெயர் மாறலாம். ஆனால் அது வரும் இடம், எழுத்தின் வடிவம், பின்னால் உள்ள பட்டையின் நிறம், அது சறுக்கிக்கொண்டு உள்ளே வரும் வேகம் எல்லாம் வாராவாரம் ஒன்றாக இருக்க வேண்டும். முறுக்கு அச்சு மாதிரி. மாவு வேறு வேறாக இருக்கலாம், பிழிந்தால் வடிவம் ஒன்றுதான். இந்த அச்சுக்கு பிரீமியரில் மோஷன் கிராபிக்ஸ் டெம்ப்ளேட் என்று பெயர். ஃபைலின் பின்னொட்டு .mogrt என்பதால் எடிட்டர்கள் மோகர்ட் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் தொடருக்கு ஊர்ப் பெயர்ப் பட்டை ஒன்று செய்ததை அப்படியே சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரு வேலை உண்டு. பிரீமியரில் தமிழ் டைப் செய்து, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். Preferences-இல் Graphics என்ற பக்கத்துக்குப் போய், எழுத்து எஞ்சினை South Asian and Middle Eastern என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு பழைய எழுத்தையே தட்டிக்கொண்டிருக்காமல், புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயர் போட்டு அதில் டைப் செய்யுங்கள். சோதிக்க நல்ல ஊர் எது என்றால் கொங்கர் புளியங்குளம். முதல் எழுத்தான 'கொ' சரியாக விழுந்தால் மற்றதெல்லாம் பெரும்பாலும் விழும். எழுத்துருவும் யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், பின்னால் எழுத்துருவை மாற்ற நினைக்கும் அன்றைக்கு ஊர்ப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறி நிற்கும்.

டைம்லைனில் ஊர்ப் பெயரை டைப் செய்தேன். அதே கிராபிக் கிளிப்புக்குள்ளேயே ஒரு செவ்வகம் வரைந்து எழுத்துக்கு அடியில் வைத்தேன். இங்கேதான் முதல் சிக்கல். 'மாங்குளம்' என்ற பெயருக்கு அளவெடுத்துப் பட்டை வரைந்தால், 'கொங்கர் புளியங்குளம்' அதில் அடங்காது. பெரிய பெயருக்கு வரைந்தால், 'மேலூர்' வரும் வாரம் பாதிப் பட்டை காலியாகக் கிடக்கும். அதற்கு Pin To என்ற வசதி இருக்கிறது. செவ்வகத்தின் லேயரைத் தேர்ந்தெடுத்து, Pin To பட்டியலில் எழுத்து லேயரைக் காட்டுங்கள். பக்கத்தில் நான்கு பக்கமும் கோடு போட்ட சிறிய கட்டம் ஒன்று இருக்கும். அதன் நடுவில் கிளிக் செய்தால் நான்கு பக்கமும் பிணைந்துகொள்ளும். இனி பெயர் நீண்டால் பட்டையும் நீளும், பெயர் குறுகினால் பட்டையும் குறுகும். எழுத்து இடதுபக்கச் சீரமைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுச்சீரமைப்பில் இருந்தால் பட்டை இருபுறமும் விரிந்து, சில ஊர்களுக்குத் திரையின் இடது ஓரத்தில் இடிக்கும்.

அடுத்தது நேரம். பட்டை அரை நொடியில் உள்ளே சறுக்கி வர வேண்டும், போகும்போதும் அரை நொடியில் போக வேண்டும். கீஃபிரேம் போட்டு அசைவைச் செய்துவிட்டேன். ஒரு வாரம் பட்டை 4 நொடி நிற்கும், இன்னொரு வாரம் அக்கா பேசி முடிக்க 9 நொடி ஆகும். கிளிப்பை இழுத்து நீட்டினால், போகும் அசைவு நான்காவது நொடியிலேயே நடந்து முடிந்துவிடும். மீதி ஐந்து நொடி பட்டையே இருக்காது. இதற்கு, எந்த லேயரையும் தேர்ந்தெடுக்காமல் கிராபிக் கிளிப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். Responsive Design - Time என்ற பகுதி தெரியும். அதில் இன்ட்ரோ நேரம் அரை நொடி, அவுட்ரோ நேரம் அரை நொடி என்று கொடுங்கள். இங்கே இன்ட்ரோ என்பது அந்தப் பட்டை உள்ளே வரும் அசைவைக் குறிக்கிறது, நம் மலை இன்ட்ரோவை அல்ல. இதற்குப் பிறகு கிளிப்பை எவ்வளவு நீட்டினாலும் முதல் அரை நொடியும் கடைசி அரை நொடியும் அப்படியே இருக்கும். நடுப்பகுதி மட்டும் ரப்பர் போல இழுபடும்.

எல்லாம் சரியானதும் கிளிப்பை ரைட் கிளிக் செய்து Export As Motion Graphics Template கொடுத்து, Local Templates Folder-இல் சேமித்தேன். இனி எந்த புரொஜெக்டைத் திறந்தாலும் டெம்ப்ளேட் பேனலில் அது இருக்கும். டைம்லைனுக்கு இழுத்து, பெயரை மட்டும் அடித்தால் போதும். வார எண்ணுக்கும் இதே போல ஒரு சிறிய மோகர்ட் வைத்திருக்கிறேன். நெஸ்ட்டுக்கு மேல் டிராக்கில் உட்காருவது அதுதான்.

நெஸ்ட்டுக்கும் மோகர்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பளிச்சென்று தெரியும். மோகர்ட்டை டைம்லைனுக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் தனி நகல் விழுகிறது. ஒன்றில் 'அரிட்டாபட்டி' என்று அடித்தால் இன்னொன்று மாறாது. அதுதான் நமக்கு வேண்டியதும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆறு மாதம் கழித்துப் பட்டையின் நிறத்தை மாற்றிப் புதிதாக எக்ஸ்போர்ட் செய்தால், பழைய டைம்லைன்களில் ஏற்கெனவே விழுந்த நகல்கள் பழைய நிறத்திலேயே இருக்கும். அச்சை மாற்றினால் சுட்டு வைத்த முறுக்கு மாறாது அல்லவா?

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மோகர்ட் ஃபைலுக்குள் எழுத்துரு அடங்காது. என் மோகர்ட்டை அக்காவின் லேப்டாப்புக்கு அனுப்பினால், அந்த எழுத்துருவை அங்கேயும் நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும், பட்டையின் அகலமும் அதற்கேற்ப மாறிப்போகும்.

மாதிரி புரொஜெக்ட்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே புரொஜெக்டுக்குள் எல்லா வாரத்தையும் வைத்திருந்த காலத்துக் கதை. இப்போது நான் வாரத்துக்கு ஒரு புரொஜெக்ட் என்று மாறிவிட்டேன். காரணம், மேலே சொன்ன ஜன்னல் உறவு ஒரு புரொஜெக்டுக்குள் மட்டுந்தான். புரொஜெக்டை வேறு பெயரில் சேமித்தால் அறைக்கும் நகல் எடுக்கப்பட்டுவிடும். பழைய வாரம் பழையபடியே இருக்கும். இன்று இன்ட்ரோவில் எதை மாற்றினாலும் மாங்குளத்தை அது தொடாது. வெளியிட்ட வீடியோ வெளியிட்டபடி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எல்லா வாரமும் சேர்ந்து மாற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரே புரொஜெக்ட்தான் வசதி.

ஃபோல்டர் இப்படி இருக்கிறது:

```
D:\THODAR\
   MATHIRI.prproj
   PODHU\
      yanaimalai.mp4
      isai.wav
   VAARAM_12\
      VAARAM_12.prproj
      camera\
```

MATHIRI என்பது மாதிரி புரொஜெக்ட். அதில் INTRO நெஸ்ட், முடிவில் வரும் நன்றி அட்டைக்கு OUTRO நெஸ்ட், இரண்டையும் தொடக்கத்திலும் கடைசியிலும் வைத்து நடுவைக் காலியாக விட்ட ஒரு சீக்வென்ஸ் என மூன்றுதான் இருக்கின்றன. சீக்வென்ஸ் 1920×1080 அளவு, நொடிக்கு 30 பிரேம். அக்காவின் போன் 30-இல் எடுப்பதால் அப்படி. வார எண் மோகர்ட்டை இன்ட்ரோவுக்கு மேல் 00 என்று போட்டே வைத்திருக்கிறேன். 00 என்று பார்த்தால் கண் உறுத்தும், மாற்றாமல் எக்ஸ்போர்ட் செய்ய மாட்டோம். முன்பு 1 என்று வைத்திருந்தேன். அது கண்ணில் படாமல் இரண்டு முறை தப்பிப் போனது.

PODHU ஃபோல்டரில் மாதிரிக்கு வேண்டிய மலை ஷாட்டும் இசையும் இருக்கின்றன. இதை மட்டும் இடம் மாற்றவோ, பெயர் மாற்றவோ கூடாது. புரொஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ எதுவும் இருப்பதில்லை, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டுந்தான் இருக்கும். விலாசம் மாறினால் Media Offline என்று சிவப்புத் திரை வரும். ஒருமுறை இடம் போதவில்லை என்று PODHU-வை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றினேன். அதன் பிறகு எந்தப் பழைய வாரத்தைத் திறந்தாலும் Locate அழுத்தி ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. வாரத்துக்கு ஒரு நிமிடந்தான், ஆனாலும் சலித்துப்போனது. பேசாமல் பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டேன்.

வார வேலை தொடங்கும்போது MATHIRI-யைத் திறந்த கையோடு File மெனுவில் Save As கொடுத்து VAARAM_12 என்று சேமிக்கிறேன். ஒரு கிளிப்பைக்கூட உள்ளே இழுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். ஒரு முறை மறந்து, கீழக்குயில்குடி வீடியோ முழுவதையும் மாதிரியின் மேலேயே எடிட் செய்து சேமித்துவிட்டேன். அடுத்த வாரம் மாதிரியைத் திறந்தால் உள்ளே அக்கா சமணர் மலைப் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து விண்டோஸில் அந்த ஃபைலை ரைட் கிளிக் செய்து Properties-இல் Read-only என்று டிக் அடித்து வைத்திருக்கிறேன். மாதிரியையே திருத்த வேண்டிய நாளில் மட்டும் டிக்கை எடுப்பேன். புதிய பதிப்புகளில் Save as Template என்று மெனுவே இருக்கிறது. புதிய புரொஜெக்ட் தொடங்கும்போது அந்த டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உங்கள் பதிப்பில் அது இருந்தால் அதுவே பத்திரம்.

ஷார்ட்ஸ் செய்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதே INTRO-வை 1080×1920 நிமிர்ந்த வீடியோவிலும் போடலாமா? போட்டுப் பார்த்தேன். படுத்த படம் நடுவில் ஒரு பட்டையாக விழுந்து, இரண்டு பக்கமும் வெட்டுப்படுகிறது. உயரத்தை நிரப்ப 178 சதவீதம் பெரிதாக்க வேண்டும். அப்போது யானையின் தும்பிக்கை மட்டும்தான் திரையில் மிஞ்சியது, எழுத்தும் மங்கிவிட்டது. நெஸ்ட் தன் சீக்வென்ஸின் அளவில் தீட்டப்பட்ட படமாகத்தான் வெளியே வருகிறது. உள்ளே எழுத்தாக இருந்தாலும், வெளியே பெரிதாக்கினால் படத்தைப் பெரிதாக்கியது போல மங்கும். நிமிர்ந்த வீடியோவுக்கென்று INTRO_NIMIR என்று தனி அறை கட்டிவிட்டேன். அதே மலை ஷாட், அதே இசை, எழுத்தை மட்டும் மேலே ஏற்றி அடுக்கினேன். அரைமணி நேர வேலை.

மாங்குளம் வீடியோவுக்கு வருகிறேன். அந்தப் பழைய புரொஜெக்டைத் திறந்து, INTRO-வுக்குள்ளிருந்த வார எண்ணை நீக்கினேன். ஐந்து சீக்வென்ஸிலும் வெளியே வார எண் மோகர்ட்டைப் போட்டு 1, 2, 3, 4, 5 என்று அடித்தேன். மாங்குளத்தை மட்டும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"சரி தம்பி, இப்ப 2-ன்னு வந்திருச்சு. ஆனா கல்வெட்டுன்னு எழுதுற இடத்துல இன்னும் வெட்டுக்கு ஒரு 'ட்' குறையுதே" என்றார். எழுத்துப்பிழையைத் திருத்தத்தானே எல்லாவற்றையும் தொடங்கினேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.